பழைய இலை எடைச் சீட்டு புரோகிராமில் ஊர்ப் பெயரையும் ஃபைல் பாதையையும் மாற்றுவது: ஹெக்ஸ் எடிட்டரில் நீளம் ஏன் இடிக்கிறது?

அரவேணு_இலை:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையம். விவசாயிகள் கொண்டுவரும் இலையை எடை போட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு கொடுக்கிறோம். அதற்கான புரோகிராம் `leafslip.exe`, 32 பிட், சி மொழியில் எழுதியது. எழுதிக்கொடுத்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள், சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. லைசென்ஸ் எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, டேட்டா ஃபைல் `C:\LEAF\SLIP.DAT` என்று எக்ஸிக்குள்ளேயே எழுதியிருக்கிறது, அது `D:` டிரைவுக்குப் போக வேண்டும். இரண்டு, சீட்டின் தலைப்பில் `OOTACAMUND` என்று வருகிறது, `UDHAGAMANDALAM` என்று வர வேண்டும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியே டைப் அடித்து மாற்றிவிடலாமா?

சிங்காரா99:
முதலாவது ஒரு நிமிட வேலை. HxD-யில் திறந்து Ctrl+F, `C:\LEAF` தேடி, C மேல் கர்சரை வைத்து D அடித்து சேவ் பண்ணுங்க. முடிஞ்சது.

இரண்டாவதுக்கு இடம் பத்தாது. பேசாமல் `OOTY` என்று வைத்து மிச்சத்தை `00` போட்டு நிரப்புங்க. சின்னதா ஆக்கினா எப்பவுமே பிரச்சினை இல்ல, பெருசா ஆக்கினாத்தான் பிரச்சினை. இன்னொன்று, எக்ஸி ஃபைலில் செக்சம் இருக்கும். மாற்றினால் விண்டோஸ் ஓட விடாது. அதையும் சரி பண்ணணும்.

குன்னூர்_நிரலர்:
முதல் மாற்றம் பற்றி சிங்காரா சொன்னது சரி. `43` என்ற ஒரு பைட் `44` ஆகிறது, வேறு எதுவும் நகரவில்லை. ஆனால் அந்த `C:\LEAF` எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பேக்கப் எடுக்கும் பகுதிக்குத் தனியாக ஒரு பாதை எழுதியிருப்பார்கள். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால் சீட்டு D-யில் சேரும், பேக்கப் C-யில் இருக்கும் பழைய ஃபைலையே தினமும் நகலெடுத்துக்கொண்டிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

செக்சம் பற்றி: தலைப்பகுதியில் அப்படி ஒரு புலம் இருப்பது உண்மை. ஆனால் விண்டோஸ் அதைச் சரிபார்ப்பது டிரைவர்களுக்கும், பூட் ஆகும்போது ஏறும் சில டிஎல்எல்களுக்கும்தான். சாதாரண எக்ஸிக்குப் பார்ப்பதில்லை. டிஜிட்டல் கையெழுத்து வேறு விஷயம். அது இருந்தால் ஒரு பைட் மாறினாலும் செல்லாததாகிவிடும். இந்தக் காலத்து புரோகிராம் என்றால் எச்சரிக்கை வரலாம், உங்களுடையதில் கையெழுத்தே இருக்காது என்று நினைக்கிறேன். எக்ஸி மேல் வலது கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், கையெழுத்துக்கான தாவல் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

தலைப்பு இருக்கும் இடத்தின் ஹெக்ஸ் இரண்டு வரி போடுங்கள். அதைப் பார்க்காமல் சின்னது பெரியது என்று பேசுவது வீண்.

அரவேணு_இலை:
நன்றி சார். பாதை இரண்டு இடத்தில் இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. இரண்டையும் நகலில் மாற்றிவிட்டேன், D-யில் ஃபைல் உருவாகிறது. தலைப்பு இதோ:

```
00004A40  4F 4F 54 41 43 41 4D 55 4E 44 00 00 4E 65 74 20  OOTACAMUND..Net 
00004A50  57 74 20 25 36 2E 31 66 20 4B 67 00 52 61 74 65  Wt %6.1f Kg.Rate
```

குன்னூர்_நிரலர்:
இதில் எல்லாம் இருக்கிறது. `OOTACAMUND` பத்து பைட். அடுத்து ஒரு `00`, சொல் இங்கே முடிகிறது என்று சொல்வது அதுதான். சி புரோகிராமுக்கு வேறு அடையாளம் கிடையாது, `00` வரும்வரை அச்சடித்துக்கொண்டே போகும். அதற்கு அடுத்த `00` வெறும் நிரப்பு. அடுத்த சொல் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் போட்டது. ஆக உங்களுக்குக் கிடைப்பது பதினொரு எழுத்தும் ஒரு முடிவுப் பைட்டும். பதினாலு எழுத்து உட்காராது.

மீறி மேலெழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கடைசி `A`, `M` இரண்டும் `Net` என்ற சொல்லின் `N`, `e` மேல் ஏறும். நடுவில் இருந்த இரண்டு `00`-வும் போய்விடும். தலைப்பு `UDHAGAMANDALAMt Wt %6.1f Kg` என்று வரும். எடை வரி `AMt Wt   45.5 Kg` என்று வரும். தலைப்பை நேராக `printf`-க்குக் கொடுத்திருந்தால் இன்னும் வேடிக்கை. அந்த `%6.1f`-ஐப் பார்த்து, கொடுக்கப்படாத ஒரு எண்ணை ஸ்டாக்கிலிருந்து எடுத்துத் தலைப்பிலேயே ஒரு எடை போட்டுக் காட்டும். பணம் கொடுக்கும் சீட்டில் இது விளையாட்டில்லை.

பூம்பாறை_விடுதி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கொடைக்கானல் மேல்மலையில் விடுதி நடத்துகிறோம், எங்கள் பில் போடும் புரோகிராமில் இதே மாதிரி பழைய போன் நம்பர் இருக்கிறது. HxD-யில் தேடினால் கிடைக்கவே இல்லை! திரையில் தெரிகிறது, ஃபைலில் இல்லை. விபி6-இல் எழுதியது என்றார்கள். வைரஸ் ஏதாவது மறைக்கிறதா?

மலைரயில்:
வைரஸ் இல்லை. விபி6 சொற்களை ஒரு எழுத்துக்கு இரண்டு பைட்டாக வைக்கும். `98` என்பது `39 00 38 00` என்று இருக்கும். HxD-யின் தேடல் பெட்டியில் எழுத்து வகையை யூனிகோட், லிட்டில் எண்டியன் என்று மாற்றித் தேடுங்கள். போன் நம்பர் எப்படியும் பத்து இலக்கம்தான், பழையதும் பத்து புதியதும் பத்து. இலக்க பைட்டுகளை மட்டும் மாற்றுங்கள், நடுவில் வரும் `00`-ஐத் தொடாதீர்கள்.

பழைய நம்பர் லேண்ட்லைன், புதியது மொபைல் என்றால் எண்ணிக்கை மாறும், அப்போது ஜாக்கிரதை. விபி6 சொல்லுக்கு முன்னால் நான்கு பைட்டில் நீளத்தையும் எழுதி வைக்கிறது. `00` போட்டுக் குறைத்தால் அது கண்டுகொள்ளாது, பழைய நீளத்தையே எடுக்கும். பழைய டெல்ஃபியிலும் இதே கதைதான்.

பூம்பாறை_விடுதி:
04542 என்று தொடங்கும் நம்பர், நடுவில் கோடு போட்டிருக்கிறது. புதியது மொபைல். கோட்டைச் சேர்த்தால் பன்னிரண்டு.

மலைரயில்:
அப்போ மொபைல் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இரண்டு இடைவெளி விடுங்கள், பன்னிரண்டு ஆகிவிடும். இடைவெளி `20 00`. அழகாகவும் இருக்கும்.

சிங்காரா99:
அரவேணு, அவங்க சொல்றது பெருசா ஆக்குறதுக்கு. நான் சொன்ன `OOTY`-க்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லையே. சி புரோகிராம்தானே, `00` பார்த்தா நின்னுடும்.

அரவேணு_இலை:
நகலில் `OOTY` போட்டுப் பார்த்தேன். சீட்டில் தலைப்பு சரியாக `OOTY` என்று வருகிறது. ஆனால் புரோகிராம் பழைய டேட்டாவைத் திறக்க மறுக்கிறது. `Invalid data file` என்கிறது. பாதை மாற்றியதால் என்று நினைத்து `C:`-க்கே திரும்ப மாற்றினேன், அப்போதும் அதே. மூல எக்ஸியில் அதே ஃபைல் திறக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கிறது:

```
fc /b leafslip.old leafslip.exe
00004A43: 41 59
00004A44: 43 00
00004A45: 41 00
00004A46: 4D 00
00004A47: 55 00
00004A48: 4E 00
00004A49: 44 00
```

குன்னூர்_நிரலர்:
நல்ல வேலை, ஒப்பிட்டுப் போட்டதால் பதில் சொல்வது சுலபம். ஏழு பைட்தான் மாறியிருக்கிறது, ஃபைல் அளவு மாறவில்லை. திருத்தியதில் பிசகு இல்லை. அந்தச் சொல்லுக்குத் தலைப்பு வேலை மட்டும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. `SLIP.DAT`-ஐ ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். `OOTACAMUND` என்று தொடங்குகிறதா?

அரவேணு_இலை:
ஆமாம் சார்! முதல் பத்து பைட் அதுதான்.

குன்னூர்_நிரலர்:
அப்படியென்றால் புரோகிராம் எழுதியவர் அதே சொல்லை டேட்டா ஃபைலின் அடையாளமாகவும் வைத்திருக்கிறார். இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தாலும் கம்பைலர் ஒரே மாதிரி சொற்களை ஒன்றாக்கி ஒரே இடத்தில் வைத்துவிடும். நீங்கள் ஒரு இடத்தில் மாற்றினால் இரண்டு வேலையும் மாறுகிறது.

உறுதி செய்ய, அந்தச் சொல்லை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோடு பகுதி சொல்லை ஃபைலில் இருக்கும் இடத்தால் அழைப்பதில்லை, மெமரியில் ஏறும் முகவரியால் அழைக்கிறது. லினக்ஸ் அல்லது MinGW இருந்தால் `objdump -h leafslip.exe` கொடுங்கள். எனக்கு வேண்டியது ஒவ்வொரு பகுதியின் VMA, File off இரண்டும்தான்.

அரவேணு_இலை:
```
.text   VMA 00401000   File off 00000400
.rdata  VMA 00405000   File off 00004200
.data   VMA 00407000   File off 00005400
```

குன்னூர்_நிரலர்:
கணக்கு இப்படி. சொல் இருப்பது `4A40`. பகுதி தொடங்குவது `4200`. கழித்தால் `840`. அதை `405000`-உடன் கூட்டினால் `405840`. இன்டெல் செயலி கடைசி பைட்டை முதலில் எழுதும், ஆகவே கோடில் `40 58 40 00` என்று இருக்கும். HxD தேடலில் ஹெக்ஸ் என்று தேர்ந்து இந்த நான்கு பைட்டைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும் மூன்று பைட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

அரவேணு_இலை:
இரண்டு இடம்:

```
000011F4  8B F0 68 40 58 40 00
00001C88  6A 0A 68 40 58 40 00
```

மூன்று கேட்டீர்கள், இந்தப் பகுதியிலிருந்து நகலெடுத்தேன், போதுமா?

குன்னூர்_நிரலர்:
தாராளம். `68` என்பது "இந்த முகவரியை ஸ்டாக்கில் வை" என்ற கட்டளை. முதலாவது அச்சடிக்கும் இடமாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பாருங்கள்: அதற்கு முன் `6A 0A`, அதாவது 10 என்ற எண்ணை ஸ்டாக்கில் வைக்கிறது. பத்து பைட்டை ஒப்பிடு என்று `strncmp`-ஐயோ `memcmp`-ஐயோ கூப்பிடுகிறது. நீளம் சொல்லுக்குப் பக்கத்தில் இல்லை, கோடுக்குள்ளேயே எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. சிங்காராவுக்கும் இதுதான் பதில்: சின்னதாக்கினால் ஆபத்தில்லை என்பது, `00`-ஐ மட்டும் நம்பும் கோடுக்குத்தான் பொருந்தும்.

சிங்காரா99:
அப்போ பத்து எழுத்திலேயே வேற பேரு வச்சா? நீளம் சரியாத்தானே இருக்கும்.

குன்னூர்_நிரலர்:
நீளம் சரியாக இருக்கும், பழைய டேட்டா அப்போதும் திறக்காது. அங்கே ஒப்பிடுவது எழுத்துகளை. டேட்டா ஃபைலின் முதல் பத்து பைட்டையும் மாற்றினால் திறக்கும், ஆனால் பேக்கப்பில் கிடக்கும் எல்லா ஃபைலையும் மாற்ற வேண்டிவரும்.

மலைரயில்:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். இன்சர்ட் மோடில் நாலு எழுத்தைச் சேர்த்துவிட்டால் சொற்கள் நகர்ந்து இடம் கொடுக்காதா? ஃபைல் நாலு பைட் பெருசாகும், அவ்வளவுதானே.

குன்னூர்_நிரலர்:
சொற்கள் நகரும், அவற்றைக் கூப்பிடும் முகவரிகள் நகராது. `40584C` என்ற முகவரியில் `Net Wt` இருக்கும் என்று கோடு நம்பிக்கொண்டிருக்கிறது. நாலு பைட் நகர்ந்தபின் அங்கே இருப்பது `UDHAGAMANDALAM`-இன் கடைசி இரண்டு எழுத்து. எடை வர வேண்டிய இடத்தில் வெறும் `AM` அச்சாகும். அதுவும் புரோகிராம் திறந்தால். விண்டோஸிடமிருந்து எந்தெந்த ஃபங்ஷன்களை வாங்க வேண்டும் என்ற பட்டியலும் பெரும்பாலும் இதே `.rdata`-வின் பின்பகுதியில்தான் இருக்கும், அதுவும் நாலு பைட் தள்ளிப்போகும். பெரும்பாலும் திறக்கவே திறக்காது. HxD-யில் Ctrl+V நுழைத்து ஒட்டும், Ctrl+B மேலெழுதி ஒட்டும். இங்கே வேண்டியது இரண்டாவது. ஃபைல் அளவு மாறப்போகிறது என்று HxD கேட்டால் வேண்டாம் என்று சொல்லி வெளியே வாருங்கள்.

அரவேணு, இனி உங்கள் வேலை. பழைய சொல்லைத் தொடாமல் அதே இடத்தில் விட்டுவிடுங்கள், டேட்டா ஃபைல் சரிபார்ப்புக்கு அது வேண்டும். புதிய சொல்லை `.rdata`-வின் கடைசியில் காலியாக இருக்கும் இடத்தில் எழுதி, அச்சடிக்கும் அந்த ஒரு அழைப்பை மட்டும் அங்கே திருப்பிவிடுவோம். பகுதிகள் ஃபைலில் `200`-இன் மடங்காக முடிய வேண்டும் என்பதால் கடைசியில் கொஞ்சம் பூஜ்யங்கள் கிடக்கும். `5400`-க்கு முன்னால் எவ்வளவு?

அரவேணு_இலை:
`5336`-இலிருந்து `53FF` வரை எல்லாமே `00`. ஆனால் அது உண்மையில் காலியா, பூஜ்யமாகவே இருக்க வேண்டிய டேட்டாவா என்று எப்படித் தெரியும்?

குன்னூர்_நிரலர்:
சரியான கேள்வி. அதற்குத்தான் அந்தப் பகுதியின் VirtualSize பார்க்க வேண்டும். `PE-bear` போன்ற கருவியில் தெரியும். அது `1136` என்று இருந்தால், `4200`-உடன் கூட்டி `5336`. அதற்கு மேல் யாருக்கும் சொந்தமில்லை.

அரவேணு_இலை:
`1136`-தான்.

குன்னூர்_நிரலர்:
அப்போது `5380`-இல் எழுதுவோம். மெமரியில் அது `406180`. மூல நகலிலிருந்து தொடங்குங்கள், `OOTY` போட்ட நகலைத் தூக்கிப் போடுங்கள். பாதை மாற்றத்தை மறுபடி செய்துவிட்டு இந்த இரண்டையும் மேலெழுதுங்கள்:

```
00005380  55 44 48 41 47 41 4D 41 4E 44 41 4C 41 4D 00
000011F6  68 80 61 40 00
```

இரண்டாவதில் உண்மையில் மாறுவது இரண்டே பைட்: `40` இருந்த இடத்தில் `80`, `58` இருந்த இடத்தில் `61`. `1C8A`-இல் இருக்கும் அழைப்பைத் தொடக்கூடாது. முடித்ததும் `fc /b`. பாதைக்கு இரண்டு, அழைப்புக்கு இரண்டு, பெயருக்குப் பதினாலு, மொத்தம் பதினெட்டு வரி வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு ஃபைல் இன்னொன்றைவிட நீளம் என்று `fc` சொன்னால் எங்கோ நுழைத்துவிட்டீர்கள்.

64 பிட் புரோகிராம் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அங்கே முகவரி முழுசாக எழுதப்படுவதில்லை, கட்டளை இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் இருக்கும். தேடினால் கிடைக்காது, கணக்கும் வேறு.

வெலிங்டன்_வடிவம்:
லினக்ஸில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. `grep -abo OOTACAMUND leafslip.exe` என்றால் இடத்தை பதின்மத்தில் சொல்லும், இங்கே 19008. புதிய சொல்லை எழுத:

```
printf 'UDHAGAMANDALAM\0' | dd of=leafslip.exe bs=1 seek=21376 conv=notrunc
```

`conv=notrunc` மறந்தால் `dd` எழுதி முடித்த இடத்தோடு ஃபைலை வெட்டிவிடும். பின்னால் இருந்த பகுதிகள் மொத்தமும் போய்விடும்.

அப்புறம், தலைப்பைத் தமிழிலேயே `உதகை` என்று வைக்கலாமே? நாலு எழுத்து, பத்துக்குள் அடங்கிவிடும்.

மலைரயில்:
கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் நாலு குறி, யுடிஎஃப்-8-இல் பன்னிரண்டு பைட். பழைய இடத்தில் அதுவும் உட்காராது. `ஊட்டி` இன்னும் மோசம், பதினைந்து பைட். அதோடு டாட் மேட்ரிக்ஸ் டெக்ஸ்ட் மோடில் இதையெல்லாம் அச்சடிக்காது, கோடும் கட்டமுமாக வரும். எழுத்தை எண்ணாதீர்கள், பைட்டை எண்ணுங்கள்.

அரவேணு_இலை:
பதினெட்டு வரி வந்தது. பழைய டேட்டா திறக்கிறது. சீட்டில் `UDHAGAMANDALAM` வருகிறது! ஆனால் நாற்பது காலம் அகலச் சீட்டில் பெயர் நடுவில் இல்லை, வலது பக்கம் சாய்ந்திருக்கிறது.

குன்னூர்_நிரலர்:
தலைப்புக்கு முன்னால் பதினைந்து இடைவெளி கொண்ட ஒரு சொல்லைத் தனியாக அச்சடிக்கிறார் போலிருக்கிறது. பத்து எழுத்துக்கு அது சரி, பதினாலுக்குப் பதிமூன்று வேண்டும். `20` வரிசையாக இருக்கும் இடத்தைத் தேடி, பதினாலாவது `20`-ஐ `00` ஆக்கினால் இரண்டு காலம் இடது பக்கம் வரும். ஆனால் அதற்கு முன் அந்த முகவரியையும் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். `11F6`-க்கு அடுத்து வரும் அழைப்பு நேராக அச்சடிக்கிறதா, அல்லது பெயரை முதலில் ஒரு சின்ன பஃபரில் நகலெடுக்கிறதா? பன்னிரண்டு பைட் பஃபர் என்றால் உங்கள் பதினைந்து பைட் வெளியே வழியும். இப்போது ஓடுகிறது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது, பக்கத்தில் இருக்கும் எதையோ சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

சிங்காரா99:
சீட்டு சரியா வந்தாச்சே, இதுக்கு மேல தோண்டணுமா?

குன்னூர்_நிரலர்:
எடையும் தொகையும் சரியாக வருகிறதா என்று மூல எக்ஸியின் சீட்டோடு வைத்துப் பார்க்காமல் நான் கவுண்டரில் வைக்க மாட்டேன்.

அரவேணு_இலை:
இடைவெளிச் சொல்லை ஐந்து இடத்தில் கூப்பிடுகிறது சார். அதைத் தொடவில்லை, பெயர் சாய்ந்தே இருக்கட்டும். அழைப்புக்கு அடுத்து `56 E8` என்று வருகிறது, அதற்குமேல் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மூல எக்ஸியிலும் புதியதிலும் ஒரே எடைகளைப் போட்டு இரண்டு சீட்டையும் நாளைக்கு இங்கே போடுகிறேன்.

குன்னூர்_நிரலர்:
`56`, அதற்கு முன்னால் நீங்கள் போட்ட `8B F0` இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அதற்கு மேலே ஒரு அழைப்பு திருப்பித் தந்ததை எடுத்து இதற்குக் கொடுக்கிறது. அது திறந்த பிரிண்டர் கைப்பிடியாக இருந்தால் `fprintf`, கவலையில்லை. `malloc` தந்த பஃபராக இருந்தால் `strcpy`. `8B F0`-க்கு மேலே இருபது பைட் போடுங்கள், பார்க்கிறேன்.